டேலி ஆன பேரேட்டுக்குள் ஒரு ஐந்நூறு ரூபாய்

தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு வங்கிக் கிளையில் மின்சாரம் போய், யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் கேட்டது, "வட்டி போஸ்டிங் எதுவரைக்கும் போயிருக்கு?" என்பதைத்தான். அரையாண்டு வட்டியைச் சேமிப்புக் கணக்குகளில் ஏற்றும் நாள் என்றால் அந்தக் கேள்வியில் பயமும் கலந்திருக்கும். சென்னையில் வங்கி மென்பொருள் சோதனையில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கும் ஒருவர் தன் தொழிலைக் கற்றுக்கொண்டது அப்படி ஒரு கிளையில்தான். அன்றைய கிளை மென்பொருள்களில் பல, டிபிஎஃப் கோப்புகளை ஒவ்வொரு பதிவாகத் திறந்து எழுதிக்கொண்டு போகும் வகை. பாதியில் நின்றால் எழுதியது எழுதியபடி கிடக்கும். "எல்லாம் நடக்கட்டும், இல்லையேல் எதுவும் நடக்காதிருக்கட்டும்" என்று சொல்ல அந்தக் கோப்புகளுக்குத் தெரியாது.

வட்டி ஏற்றும் நிரல் ஒவ்வொரு வாடிக்கையாளர் கணக்கிலும் வரவு எழுதும். செலுத்திய வட்டிக் கணக்கில் பற்று எழுதுவதைக் கடைசியில் ஒரே மொத்தமாகச் செய்யும். நடுவில் மின்சாரம் போனால் வரவுகள் நூற்றுக்கணக்கில் நிற்கும், பற்று ஒன்றுகூட இருக்காது. மறுநாள் காலை இருப்பாய்வு டேலி ஆகாது. கிளையின் அக்கவுண்டன்ட் தாளை எடுத்து வித்தியாசத்தை எழுதுவார். ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். வித்தியாசத்தின் பாதித் தொகையில் ஒரு பதிவு கிடைத்தால், அது பற்றுக்குப் பதில் வரவிலோ வரவுக்குப் பதில் பற்றிலோ விழுந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் பாதியில் நின்ற வேலை.

அந்த அக்கவுண்டன்ட் அவரிடம் ஒரு நாள் சொன்னார்: "டேலி ஆகலைன்னா பயமில்லைம்மா, தேடிக் கண்டுபிடிச்சிடலாம். ஒரு வவுச்சரை எழுதவே மறந்துட்டா பேரேடு டேலி ஆகும். ரெண்டு தடவை எழுதினாலும் டேலி ஆகும். அதை யாரு கண்டுபிடிக்கிறது?"

கணக்குப் பதிவியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த செய்தி இது. விடுபட்ட பதிவையும் இரட்டித்த பதிவையும் இருப்பாய்வு காட்டாது. ஆனால் மென்பொருள் சோதனைக்கு வந்தபோது அவர் கண்டது, இந்தப் பாடம் மென்பொருள் நிறுவனங்களுக்குள் வரவேயில்லை என்பதை. அங்கே ஒரு பேரேட்டைச் சோதிப்பது என்றால் இரவில் ஒரு குவெரியை ஓட்டி, பற்றும் வரவும் சமமா என்று பார்ப்பதோடு முடிந்தது.

டேட்டாபேஸ்கள் வந்ததும் நிலைமை வெகுவாக மாறியது. ஒரு பரிவர்த்தனையின் எல்லா எழுத்துகளையும் ஒரு கட்டாகக் கட்டி, `COMMIT` என்று சொன்ன பிறகே நிலைக்க விடுவது அவற்றின் அடிப்படை. மாற்றத்தைக் கோப்பில் எழுதும் முன் அந்த மாற்றத்தின் விவரம் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கிராஷ் ஆகி எழுந்ததும் டேட்டாபேஸ் அந்தப் பதிவேட்டைப் படித்து, கமிட் ஆனவற்றை மீண்டும் நிலைநிறுத்தி, கமிட் ஆகாதவற்றை அழிக்கும். இதைச் செய்யும் முறைகளில் மிகப் பரவலாக அறியப்பட்ட ‘ஏரீஸ்’ முறையை 1992-இல் வெளியிட்ட குழுவின் முதன்மை ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றியவர். மீட்சி நடக்கும்போதே மறுபடி கிராஷ் ஆனால் என்ன செய்வது என்பதற்கும் அந்த முறையில் விடை உண்டு: எதை அழித்து முடித்தோம் என்பதையும் அதே பதிவேட்டில் எழுதிவிட்டால், அழித்ததையே திரும்ப அழிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு உறுதியான அடித்தளம் இருக்கும்போது பேரேடு எப்படிப் பிழைபடும்? இந்தக் கேள்வியைப் புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு இளைஞரும் அவரிடம் கேட்டிருக்கிறார். அவர் பதிலாக ஒரு வேலையைக் கொடுப்பார். ரூ.500 பணப்பரிமாற்றம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மென்பொருள் டேட்டாபேஸுடனும் கைப்பேசியுடனும் பேசும் ஒவ்வொரு வரியையும் எண்ணிட்டு எழுதச் சொல்வார்.

உதாரணமாக, அ என்பவர் கணக்கில் ரூ.2,000, ஆ என்பவர் கணக்கில் ரூ.300. அ-விடமிருந்து ஆ-வுக்கு ரூ.500 போக வேண்டும். மென்பொருள் முதலில் கோரிக்கை எண்ணைப் பதிகிறது. அ-வின் கணக்கைப் பூட்டி இருப்பைப் படிக்கிறது. அ-வுக்குப் பற்று எழுதுகிறது. ஆ-வுக்கு வரவு எழுதுகிறது. அ-வின் இருப்பை 1,500 ஆக்குகிறது. ஆ-வின் இருப்பை 800 ஆக்குகிறது. `COMMIT` சொல்கிறது. கைப்பேசிக்குப் பதில் அனுப்புகிறது. எட்டுப் படிகள். ஒவ்வொரு படிக்கு முன்னும் பின்னும் உலகம் நின்றுபோகலாம்.

எந்தப் படியில் நிறுத்துவது என்று சோதனையாளர் தன் ஊகத்தில் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. ஊகம் எப்போதும் நிரலை எழுதியவர் ஏற்கெனவே யோசித்த இடங்களுக்கே போகும். எஸ்க்யூலைட் டேட்டாபேஸின் ஆசிரியர்கள் தங்கள் சோதனைகளில் வெகு காலமாகப் பயன்படுத்திவரும் ஓர் எளிய உத்தியை அவர் எடுத்துக்கொண்டார். முதல் ஓட்டத்தில் முதல் செயலில் கோளாறு, அடுத்த ஓட்டத்தில் இரண்டாவது செயலில், அதற்கடுத்து மூன்றாவதில். கோளாறே நேராமல் ஓட்டம் முடியும் வரை எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது.

```python
n = 1
while True:
    reset_db()
    arm_fault(n)
    reply = transfer("A", "B", 50000, key="k-1")
    fired = fault_fired()
    restart_all()
    check_all(reply)
    if not fired:
        break
    n += 1
```

தொகை பைசாவில், முழு எண்ணாக இருப்பதைக் கவனிக்கலாம். `arm_fault` என்பது டேட்டாபேஸுக்கும் கைப்பேசிக்கும் போகும் அழைப்புகளை எண்ணி, n-ஆவது வந்ததும் மென்பொருளைக் கொன்றுவிடும் சிறு நிரல். நாளை ஒருவர் ஒன்பதாவது படியாக எஸ்.எம்.எஸ். வரிசையில் ஒரு பதிவைச் சேர்த்தாலும், சோதனையைத் திருத்தாமலேயே அந்தப் படியும் சோதிக்கப்படும்.

இந்தச் சுழற்சியை முதன்முதலாக ஓட்டும் அணிகளில் அவர் திரும்பத் திரும்பக் கண்ட பிழை ஒன்று உண்டு. `COMMIT` வரையிலான ஏழு படிகளும் ஒரே கட்டில் இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். பார்த்தால் இருப்பைப் பூட்டிப் படிக்கும் வரியும் மாற்றும் வரிகளும் மட்டும் வேறொரு இணைப்பு வழியாகப் போயிருக்கும். யாரோ வேகத்துக்காகவோ வசதிக்காகவோ அவற்றை ஒரு பொது நூலகத்துக்குள் நகர்த்தியிருப்பார்கள். அந்த இணைப்பில் ஒவ்வொரு வரியும் தானாகவே கமிட் ஆகும். அதனால் ஐந்தாவது படிக்குப் பிறகு கிராஷ் ஆனால் பற்றுப் பதிவும் வரவுப் பதிவும் அழிந்துவிடும், அ-வின் இருப்பு மட்டும் 1,500 என்று நிற்கும். பேரேட்டுப் பதிவுகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் சுழியம், குறை சொல்ல எதுவும் இல்லை. அ-வுக்கு மட்டும் ஐந்நூறு ரூபாயைக் காணோம்.

ஆகவே `check_all` ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகளைக் கேட்க வேண்டும். முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்தது. பற்றைக் குறை எண்ணாகவும் வரவை மிகை எண்ணாகவும் எழுதினால், ஒவ்வொரு பரிவர்த்தனையின் கூட்டும் சுழியமாக வேண்டும்.

```sql
SELECT txn_id, SUM(amount)
FROM entries
GROUP BY txn_id
HAVING SUM(amount) <> 0;
```

ஒரு வரிகூட வரக்கூடாது. மொத்தப் பேரேட்டையும் ஒரே எண்ணாகக் கூட்டுவதைவிட இது மேல், ஏனென்றால் மொத்தத்தில் ஒரு பரிவர்த்தனையின் ஐந்நூறு ரூபாய்க் குறையை இன்னொன்றின் ஐந்நூறு ரூபாய் மிகை மறைத்துவிடும். இரண்டாவது கேள்வி, ஒவ்வொரு கணக்கிலும் எழுதியிருக்கும் இருப்பு, தொடக்க இருப்பையும் அந்தக் கணக்கின் பதிவுகளையும் சேர்த்தால் வரும் தொகைக்குச் சமமா என்பது. மேலே சொன்ன ஐந்நூறு ரூபாய் இந்த இரண்டாவது கேள்வியில்தான் சிக்கும்.

முதல் கேள்வியை டேட்டாபேஸிடமே ஒப்படைத்துவிடலாம். போஸ்ட்கிரெஸில் கமிட் நேரத்தில் மட்டும் ஓடும் கட்டுப்பாட்டு டிரிகர் ஒன்றை எழுதி, கூட்டு சுழியமாகாத பரிவர்த்தனையைக் கமிட் ஆகவே விடாமல் தடுக்க முடியும். அவர் வேலை செய்த இடங்களில் அதற்காக வாதாடிப் பெரும்பாலும் வென்றிருக்கிறார். சோதனையில் பிழையைக் கண்டுபிடிப்பதைவிட அந்தப் பிழை உள்ளே நுழைய முடியாமல் செய்வது நல்லது என்பதில் அவருக்கு இரண்டு கருத்தில்லை.

இவையெல்லாம் கமிட்டுக்கு முன்னே நிற்கும் கோளாறுகள். அவை சுலபமானவை. அவருடைய அனுபவத்தில் ஆண்டுக் கணக்கில் தொல்லை கொடுத்தது ஏழாவது படிக்கும் எட்டாவது படிக்கும் இடையிலுள்ள சிறு வெளி.

`COMMIT` முடிந்தது. அ-வின் இருப்பு 1,500, ஆ-வின் இருப்பு 800. பதில் கிளம்புவதற்குள் சர்வர் விழுந்தது. கைப்பேசியில் வட்டம் சுற்றிச் சுற்றி, "மீண்டும் முயலவும்" என்று வருகிறது. வாடிக்கையாளர் மீண்டும் முயல்கிறார். பல இடங்களில் அவர் முயலவே வேண்டியதில்லை, நடுவில் இருக்கும் மென்பொருளே முயன்றுவிடும். இப்போது அ 1,000, ஆ 1,300. பற்றுகள் மொத்தம் 1,000, வரவுகள் மொத்தம் 1,000. இரண்டு பரிவர்த்தனைகளும் தனித்தனியே சுழியம். இருப்புகள் பதிவுகளோடு ஒத்துப்போகின்றன. இரண்டு கணக்குகளின் கூட்டுத்தொகை முன்பும் 2,300, இப்போதும் 2,300.

ஒரு நிறுவனத்தில் இரவுச் சோதனை அறிக்கை மாதக்கணக்கில் பச்சையாகவே வந்துகொண்டிருந்தபோது, வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு "இரண்டு தடவை பிடிச்சிட்டாங்க" என்ற புகார்கள் வந்துகொண்டிருந்தன. இரண்டு பிரிவுகளும் வேறு வேறு மாடிகளில் இருந்தன. அவர் மதிய இடைவேளையில் சேவைப் பிரிவில் உட்கார்ந்து புகார்களின் நேரங்களைக் குறித்துக்கொண்டு வந்தார். அவற்றை சர்வர்கள் மறுதொடக்கம் ஆன நேரங்களோடு ஒப்பிட்டபோது நெருங்கிப் பொருந்தின. புதிய பதிப்பை நிறுவுவதற்காக சர்வர்களை ஒவ்வொன்றாக நிறுத்தும்போதெல்லாம் சில பரிமாற்றங்கள் அந்தச் சிறு வெளியில் மாட்டிக்கொண்டிருந்தன.

பிழையைக் கண்டதைவிட அதைச் சோதனையால் எப்படிக் காண்பது என்பதுதான் அவரை அதிகம் உழைக்க வைத்தது. பேரேட்டைப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. அ உண்மையாகவே இரண்டு முறை ஐந்நூறு அனுப்பியிருக்கலாம் அல்லவா? பேரேடு தன்னைப் பற்றித் தானே சொல்வது போதாது. என்ன கேட்கப்பட்டது என்பதற்குப் பேரேட்டுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும்.

அப்படிப் பிறந்ததுதான் அவருடைய அணியினர் ‘சாட்சி ஏடு’ என்று அழைத்த கோப்பு. கோரிக்கைகளை அனுப்பும் சோதனை நிரல், சோதிக்கப்படும் அமைப்போடு எந்த உறவும் இல்லாத வேறொரு கணினியில் ஓடும். ஒவ்வொரு கோரிக்கையையும் அனுப்பும் முன்பே, எண், யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வளவு என்று தன் கோப்பில் எழுதி வட்டில் நிலைக்கச் செய்யும். பதில் வந்ததும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதும்: ‘ஆயிற்று’, ‘மறுக்கப்பட்டது’, ‘தெரியவில்லை’. மூன்றாவதுதான் இந்த ஏட்டின் உயிர். நேரம் கடந்ததையோ இணைப்பு அறுந்ததையோ ‘தோல்வி’ என்று எழுதும் சோதனை நிரல்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அது பொய். பதில் வரவில்லை என்பதிலிருந்து வேலை நடக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்த பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். ‘ஆயிற்று’ என்றது பேரேட்டில் சரியாக ஒரு முறை இருக்க வேண்டும். ‘மறுக்கப்பட்டது’ இருக்கவே கூடாது. ‘தெரியவில்லை’ என்றது ஒரு முறை இருக்கலாம் அல்லது இல்லாமலும் இருக்கலாம், ஆனால் பாதி இருக்கக் கூடாது, இரண்டு முறை இருக்கக் கூடாது. பிறகு ‘தெரியவில்லை’ எல்லாவற்றையும் அதே எண்ணோடு மீண்டும் அனுப்ப வேண்டும். அதன் முடிவில் ஒவ்வொன்றும் சரியாக ஒரு முறை இருக்க வேண்டும், அல்லது இருப்பு போதாதது போன்ற ஒரு காரணத்தோடு தெளிவாக மறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த ஒப்பீடு வந்த பிறகுதான் கோரிக்கை எண் எங்கே எழுதப்படுகிறது என்ற கேள்வி கூர்மையானது. ஓர் அணி அதை வேகமான தற்காலிக நினைவகம் ஒன்றில் வைத்திருந்தது. பேரேடு வேறு இடத்தில். எண்ணை முதலில் எழுதி, பேரேட்டைப் பிறகு எழுதினால், நடுவில் விழும்போது எண் இருக்கும், பணம் போயிருக்காது. வாடிக்கையாளர் மீண்டும் முயன்றால் "இது ஏற்கெனவே முடிந்துவிட்டது" என்று பதில் வரும், ஆனால் எதுவும் முடிந்திருக்காது. வரிசையை மாற்றிப் பேரேட்டை முதலில் எழுதினால் பழைய இரட்டிப்பு திரும்பி வரும். இந்த இரண்டு வரிசைகளில் எது மேல் என்று அந்த அணி நீண்ட நேரம் விவாதித்தது. விடை இரண்டுமே இல்லை. எண்ணும் பதிவுகளும் ஒரே டேட்டாபேஸில், ஒரே `COMMIT`-க்குள் இருக்க வேண்டும், அந்த எண்ணின் மீது தனித்துவக் கட்டுப்பாடும் இருக்க வேண்டும்.

கட்டுப்பாடு ஏன்? "எண் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கிறோமே, போதாதா?" என்று நிரலர்கள் கேட்பார்கள். அதற்கு அவர் கொல்லும் சோதனையை விட்டு உறையவைக்கும் சோதனைக்குப் போவார். `kill -9` மென்பொருளைக் கொல்லும், `kill -STOP` அதை அப்படியே உறைய வைக்கும். முதல் சர்வர் "இந்த எண் இல்லை" என்று பார்த்துவிட்டு, எழுதும் முன் உறைந்து நிற்கிறது. கைப்பேசி பொறுமை இழந்து மீண்டும் அனுப்ப, கோரிக்கை இரண்டாவது சர்வருக்குப் போகிறது. அதுவும் தேடுகிறது, எண் இல்லை, பரிமாற்றத்தை முடிக்கிறது. இப்போது `kill -CONT` கொடுத்தால் முதல் சர்வர் எதுவும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இன்னொரு ஐந்நூறை எழுதுகிறது. செத்த சர்வரைவிடத் தூங்கி எழும் சர்வர் ஆபத்தானது. நிஜத்தில் நினைவகச் சுத்திகரிப்பு நீண்டுபோனாலோ விர்ச்சுவல் மெஷினை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தினாலோ இதேதான் நடக்கும். தனித்துவக் கட்டுப்பாடு இருந்தால் இரண்டாவதாக எழுத வருவது தடுக்கப்படும். முதலாவது இன்னும் கமிட் ஆகாமல் திறந்திருந்தால் போஸ்ட்கிரெஸ் இரண்டாவதைக் காக்க வைக்கும். முதலாவது ரோல்பேக் ஆனால்தான் அதை உள்ளே விடும்.

இந்தச் சோதனைகளை ஓட்டிக்கொண்டே மொத்தத் தொகையையும் கவனிக்க வேண்டும் என்று ஆர்வக்கோளாறில் சிலர் கிளம்புவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. அ-வின் இருப்பை ஒரு குவெரியிலும் ஆ-வின் இருப்பை அடுத்த குவெரியிலும் படித்தால், நடுவில் ஒரு பரிமாற்றம் கமிட் ஆகி 2,000-மும் 800-மும் சேர்ந்து 2,800 என்று காட்டும். பேரேடு சரியாகவே இருக்கிறது, படித்த விதம்தான் தவறு. எல்லாக் கணக்குகளையும் ஒரே நொடியின் படமாகப் படிக்க வேண்டும், போஸ்ட்கிரெஸில் `REPEATABLE READ` நிலை அதைத் தரும். கைல் கிங்ஸ்பரி 2013 முதல் நடத்திவரும் ‘ஜெப்சன்’ சோதனைகளில் உள்ள ‘வங்கிச் சோதனை’ இந்தத் தத்துவத்தில் அமைந்ததே. கணக்குகளுக்கிடையே பணத்தை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே, எப்போது படித்தாலும் மொத்தம் மாறாமல் இருக்கிறதா என்று அது பார்க்கும். ஒரே நொடியின் படம் தருவதாகச் சொல்லும் டேட்டாபேஸில் மொத்தம் மாறினால் அங்கே பொய் சொல்வது டேட்டாபேஸ்.

டேட்டாபேஸ் பொய் சொல்லாவிட்டாலும் அதற்குக் கீழே இருப்பவை சொல்லலாம். `kill -9` கொடுத்து எல்லாச் சோதனைகளும் தேறியதும் "மின்வெட்டையும் சோதித்துவிட்டோம்" என்று எழுதும் அறிக்கைகளை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். `kill -9` சாகடிப்பது மென்பொருளை மட்டுமே. அது எழுதி, இன்னும் வட்டுக்குப் போகாதவை இயங்குதளத்தின் நினைவகத்தில் பத்திரமாக இருக்கும், சற்று நேரத்தில் வட்டில் இறங்கிவிடும். மின்சாரம் போனால் அந்த நினைவகமே போய்விடும். வட்டில் நிலைக்கச் செய் என்று கேட்கும் `fsync` அழைப்பை ஒருவர் மறந்திருந்தாலும், வேகத்துக்காக அமைப்பில் அணைத்து வைத்திருந்தாலும், `kill -9` சோதனை அதைக் காட்டவே காட்டாது. விர்ச்சுவல் மெஷினை உள்ளிருந்து நிறுத்தாமல் வெளியிலிருந்து சட்டென்று அணைத்தால் அந்த அளவாவது தெரியும். வட்டுகள் தங்கள் சொந்தத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டே "எழுதிவிட்டேன்" என்று சொல்கின்றனவா என்பது, உண்மையான கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினால்தான் தெரியும். அதை ஒரு முறையாவது செய்து பார்க்காமல் புதிய வகை சர்வரை ஏற்கக் கூடாது என்பது அவர் தரப்பு. பிடுங்கும்போது வேறு கணினியில் இருக்கும் சாட்சி ஏட்டில் ‘ஆயிற்று’ என்று நிற்பவை எல்லாம், எழுந்த பிறகு பேரேட்டில் இருந்தே தீர வேண்டும்.

2018-இல் போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தையே உலுக்கிய செய்தி ஒன்று அவருடைய இந்தப் பிடிவாதத்துக்கு வலு சேர்த்தது. வட்டில் எழுதும்போது பிழை நேர்ந்து `fsync` தோற்றால், மீண்டும் கேட்டால் போதும் என்று போஸ்ட்கிரெஸ் எண்ணியிருந்தது. லினக்ஸோ பிழையை ஒரு முறை தெரிவித்துவிட்டு, எழுதப்படாத பக்கத்தை எழுதப்பட்டதாகக் குறித்துக்கொள்ளக்கூடும். இரண்டாவது முறை கேட்டால் "சரி" என்று பதில் வரும். எழுத்து வட்டில் இல்லை, இருப்பதாக டேட்டாபேஸ் நம்பும். 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளில் இதைத் திருத்தினார்கள். அந்தப் பிழை நேர்ந்தால் போஸ்ட்கிரெஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, பதிவேட்டிலிருந்து மீண்டு எழும். இத்தனை ஆண்டுகள் இத்தனை பேர் பயன்படுத்திய மென்பொருளில் இது தெரியாமல் இருந்ததற்குக் காரணம், ஆரோக்கியமான வட்டுகளில் யாரும் இந்தப் பாதையில் நடந்து பார்க்க வாய்ப்பில்லை என்பதே. வேண்டுமென்றே பிழை தரும் போலி வட்டு ஒன்றை லினக்ஸிலேயே அமைக்க முடியும். `dm-flakey` என்ற வசதி அதற்காக இருக்கிறது. அவருடைய அணி அதன் பிறகு அதைத் தன் வழக்கமான சோதனையில் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவும் ஒரே வங்கிக்குள், ஒரே டேட்டாபேஸுக்குள். பணம் வேறு வங்கிக்குப் போகும்போது ஒரே `COMMIT` இரண்டு வீடுகளையும் கட்டாது. அனுப்பும் வங்கி வாடிக்கையாளருக்குப் பற்று எழுதி, ஓர் இடைக்கணக்கில் வரவு வைக்கும். அந்தப் பதிவு டேலி. எதிர்வங்கியின் பதில் வந்ததும் இடைக்கணக்கைத் தீர்க்கும். அதுவும் டேலி. பதில் வராவிட்டால் பணம் இடைக்கணக்கிலேயே இருக்கும், அப்போதும் டேலி. பழைய கிளைகளில் அனாமத்துக் கணக்கு இதே வேலையைச் செய்தது, வித்தியாசத்தை அங்கே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இங்கே அவர் சோதித்தது பதிலின் நேரத்தை. பதில் வராமலே போனால், இரண்டு முறை வந்தால், தாமதமாக வந்தால். மூன்றாவதில்தான் பெரும்பாலும் பிழை இருந்தது. நேரம் கடந்ததால் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பி எழுதியாயிற்று. அதற்குப் பிறகு "எதிர்க்கணக்கில் வரவு வைத்துவிட்டோம்" என்று பதில் வருகிறது. அதை ஏற்று இடைக்கணக்கை மறுபடி தீர்த்தால் அந்தக் கணக்கு ஐந்நூறு ரூபாய் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். பணம் அனுப்பியவரிடமும் இருக்கிறது, பெற்றவரிடமும் இருக்கிறது, நஷ்டம் வங்கிக்கு. மொத்தத்தில் பற்றும் வரவும் சமம். இதைப் பிடிக்க அவர் வைத்த விதி, இடைக்கணக்கின் மொத்த இருப்பைப் பார்க்காமல், அதில் ஒவ்வொரு கோரிக்கை எண்ணுக்கும் மிச்சம் எவ்வளவு, அது எத்தனை நாள் பழசு என்று பார்ப்பது. மிச்சம் சுழியமாகவோ, இன்னும் கெடு தாண்டாத நிலுவையாகவோ மட்டுமே இருக்கலாம்.

கெடு என்பது சோதனையாளரின் விருப்பம் அல்ல. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, யூ.பி.ஐ. அல்லது ஐ.எம்.பி.எஸ். பரிமாற்றத்தில் ஒருவர் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு மறுமுனையில் வரவு வைக்கப்படாவிட்டால், பரிவர்த்தனை நாளுக்கு மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்கிறது. தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. அந்தச் சுற்றறிக்கைக்குப் பிறகு, கடிகாரத்தை இரண்டு நாள் முன்னே தள்ளிவிட்டு இடைக்கணக்கைப் பார்க்கும் சோதனை ஒன்றை அவர் கட்டாயமாக்கினார். முன்பெல்லாம் "நிலுவையில் இருக்கிறது" என்று தள்ளிவைத்த நிரலர்கள், இழப்பீடு என்ற சொல்லைக் கேட்டதும் உட்கார்ந்து பேசினார்கள்.

பேரேட்டு மென்பொருள் எழுதுகிறவர்களிடமும் சோதிக்கிறவர்களிடமும் அவர் கேட்டுக்கொள்வது இதுதான்: பற்றும் வரவும் சமமா என்ற குவெரியை எழுதும் முன், அனுப்பிய கோரிக்கைகளின் பட்டியல் பேரேட்டுக்கு வெளியே, வேறொரு கணினியில், அனுப்புவதற்கு முன்பே எழுதப்படுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், மற்ற சோதனைகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.